பரிகாரம் இல்லாத பதில்

பெண் பார்க்க வந்தவர்கள் விடைபெறும்போது சொல்லும் வாசகம் ஒன்று நம் வீடுகளில் பல தலைமுறைகளாகப் புழங்கியது. 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்.' சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதன் பொருள் பெரும்பாலும் தெரியும். பிடித்திருந்தால் அங்கேயே வெற்றிலை மாற்றுவது பற்றிப் பேச்சு எழுந்திருக்கும். கடிதத்துக்குத் தள்ளிப்போட்ட விஷயம் அனேகமாகக் கடிதத்தை எட்டுவதேயில்லை. முகத்துக்கு நேரே மறுக்கக் கூசியவர்கள் கண்டுபிடித்த நாகரிகம் இது. நாகரிகம்தான், ஆனால் அதன் செலவு முழுவதும் பெண் வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டது.

என் அக்காவுக்கு அப்படி ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கேசரியைப் பாராட்டினார்கள், அக்காவைப் பாடச் சொன்னார்கள், ஜாதக நகலையும் புகைப்படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனார்கள். அப்பா தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரரைத் திண்ணையிலிருந்து பார்ப்பார். இடையில் மதுராந்தகத்திலிருந்து இன்னொரு வரன் வந்தது. 'ஒரு இடத்தில் பேச்சு இருக்கும்போது இன்னொரு இடத்தை வரச்சொல்வது முறையில்லை' என்று அப்பா அவர்களைக் காத்திருக்கச் சொன்னார். அவர்கள் காத்திருக்கவில்லை. அன்றெல்லாம் உறுதியான மறுப்புக்கு ஒரே அடையாளம் ஜாதகமும் புகைப்படமும் திரும்பி வருவதுதான். அக்காவின் புகைப்படம் கடைசிவரை திரும்பவில்லை. அப்பாவை வருத்தியது அவர்களுடைய மறுப்பு அல்ல. மறுப்பு என்று ஒன்று வராததுதான். அதை அவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கடிதங்கள் இல்லை. பெண் பார்க்கும் சடங்கும் பல வீடுகளில் முதல் படியாக இல்லை. திருமணத் தகவல் தளத்தில் விவரம் பார்த்து, இரு வீட்டாரும் தொலைபேசியில் பேசி, 'பிள்ளைகள் முதலில் வெளியில் சந்தித்துப் பேசிக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் அந்த 'வெளி' பெரும்பாலும் மாமல்லபுரம்தான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனால் முப்பது கிலோமீட்டருக்குள். கூட்டம் இருக்கும், ஆகவே பாதுகாப்பு. கூட்டத்தில் தெரிந்தவர் குறைவு, ஆகவே சுதந்திரம். பேச்சு நின்றுபோனால் பார்ப்பதற்குப் பாறைகள் உண்டு.

சென்ற ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்படிப் போனேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வங்கியொன்றில் வேலை பார்க்கிறேன். அவருக்கு முப்பத்தாறு. தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். ஜாதகம் ஏற்கெனவே பார்த்துப் பொருந்தியாகிவிட்டது. பேருந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது, மலைமேல் உச்சிவேளையில் உணவுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகளைப் பற்றி அவரிடம் பேசலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவை வராமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் எங்கள் பக்கத்துக்காரர்கள் அந்த ஊரைக் கடக்கும்போது ஒருமுறை அண்ணாந்து பார்க்கத்தான் செய்கிறோம்.

சந்திப்பு நன்றாக அமையவில்லை. இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் ஏதோ ஒரு கொடுமையை எதிர்பார்க்கிறார்கள். கொடுமை ஒன்றும் இல்லை. அவர் நேரத்துக்கு வந்தார். மரியாதையாகப் பேசினார். ஆனால் பேச்சு முழுவதும் கேள்விகளாக இருந்தது. சம்பளம் எவ்வளவு பிடித்தம் போகக் கைக்கு வருகிறது, மாறுதல் கிடைக்குமா, அம்மாவோடு இருப்பதில் ஆட்சேபம் உண்டா, சமையல் தெரியுமா. ஒரு பதிலை நான் முடிப்பதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்றபோது, யானைகளுக்கு அருகே தவம் செய்யும் பூனையைக் காட்டினேன். அதன் காலடியில் எலிகள் பயமின்றிக் கும்பிட்டு நிற்கும். எனக்கு அந்தப் பாறை முழுவதிலும் பிடித்த இடம் அது. அவர் 'ஓ' என்றார். பிறகு கைப்பேசியை எடுத்துத் தன் தாயாருக்குக் காணொளி அழைப்புப் போட்டு, 'அம்மா, இவங்கதான்' என்று என் பக்கம் திருப்பினார். என்னைக் கேட்கவில்லை. வெயிலில் வியர்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நிலையில் நான் அந்த அம்மாளுக்கு வணக்கம் சொன்னேன். அவர் மகிழ்ச்சியாகச் சிரித்தார்.

மூன்று மணி நேரம். அதன் பிறகு நான் என் பேருந்தில் ஏறினேன். கொளவாய் ஏரி கண்ணில் பட்டபோதுதான், காலையிலிருந்து தோள்களை இறுக்கிப் பிடித்தபடியே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அன்று இரவே குறுஞ்செய்தி வந்தது. 'இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அம்மாவுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்த ஞாயிறு கோவளம் போகலாமா?'

அதே மூன்று மணி நேரம் ஒருவருக்கு நன்றாகவும் மற்றவருக்கு மூச்சுமுட்டுவதாகவும் இருந்திருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. மறுப்பதில் உள்ள முதல் சங்கடம் இதுதான். எதிரில் இருப்பவர் நமது மறுப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

எனக்கு வந்த ஆலோசனைகள் மூன்று. அலுவலகத் தோழி, 'பதிலே போடாதே, ரெண்டு நாள்ல அவரே புரிஞ்சுப்பார்' என்றாள். சித்தி, 'இந்த மாசம் ஆடிட்டுன்னு சொல்லு, அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொல்லு, தானா ஆறிடும்' என்றார். அம்மா, 'ஜாதகத்தை வேற ஒருத்தர்கிட்டக் காட்டினோம், பொருந்தலைன்னு நானே சொல்லிடறேன். யாருக்கும் மனசு கஷ்டப்படாது' என்றார். மூவரும் இளகிய மனசுக்காரர்கள். மூவருடைய யோசனையும் அந்தப் பழைய கடிதத்தின் மூன்று வடிவங்கள்தான்.

மௌனத்தின் கதையை அக்கா விஷயத்தில் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் அவற்றைத்தான் கருணை என்று நினைக்கிறோம்.

சாக்கு சொல்வதில் உள்ள குறை அது பொய் என்பது மட்டுமல்ல. சாக்குக்குப் பரிகாரம் உண்டு என்பதுதான் பெரிய குறை. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் அந்த அம்மாள் தன் ஜோசியரிடம் போவார். அவர் ஒரு கோயிலின் பெயரையும் ஒரு கிழமையையும் சொல்வார். நெய்விளக்குப் போட்டுவிட்டு அவர்கள் திரும்பி வருவார்கள். தணிக்கை வேலை என்றால் தணிக்கை முடியும் தேதியைக் கேட்பார்கள். வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் பேச ஒரு பெரியவரை அனுப்புவார்கள். அவர்கள் தொந்தரவு செய்கிறார்கள் என்று அப்போது நமக்குக் கோபம் வரும். நியாயமாகப் பார்த்தால், தடை இன்னதென்று நாம் சொன்னோம், அதை அவர்கள் நீக்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இந்தப் பழக்கம் நமக்கு இலக்கியத்திலிருந்தே வருகிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். அகப்பொருள் துறைகளில் சேட்படை என்று ஒரு பகுதி உண்டு. தலைவன் தழையைக் கையுறையாகக் கொண்டுவந்து நிற்பான். தோழி அதை வாங்காமல் அவனைத் தொலைவில் நிறுத்துவாள். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இந்தப் பகுதியின் துறைத் தலைப்புகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். இந்தத் தழை எங்கள் நிலத்தில் இல்லாதது என்று ஒரு மறுப்பு. இப்போது அவளுக்குச் செவ்வி இல்லை என்று ஒன்று. காவல் கடுமையாக உள்ளது என்று ஒன்று. குலமுறை கூறி மறுத்தல், இளமை கூறி மறுத்தல், நகையாடி மறுத்தல், இரக்கத்தொடு மறுத்தல். இன்றைய சாக்குகள் எல்லாமே அங்கே இருக்கின்றன. 'இப்போ சூழ்நிலை சரியில்லை' என்பது செவ்வியிலள் என்பதுதான். 'வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க' என்பது காப்புடைத்து என்பதுதான்.

ஆனால் கோவையில் அவை எதுவுமே மறுப்பல்ல. தோழி தலைவனின் உறுதியைச் சோதிக்கிறாள், அவனும் அதை அறிவான். பகுதியின் முடிவில் தழை தலைவியின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தலைவி ஏற்கெனவே உடன்பட்டவள் என்பதால் அங்கே அது அழகிய நாடகம். உடன்படாத ஒருத்தி அதே சொற்களைச் சொல்லும்போதுதான் விபரீதம். கேட்பவனின் காதில், தலைமுறை தலைமுறையாகப் பழகிய முறைப்படி, அவை 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்றே விழுகின்றன. கோவை படிக்காதவர்களுக்குத் திரைப்படம் அதே பாடத்தை நடத்தியிருக்கிறது. ஆகவே நம் மொழியில் மறுப்பவருக்கு மற்றவர்களைவிட ஒரு வேலை அதிகம். தன் மறுப்பு சேட்படை அல்ல என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

மொழி இதில் அவ்வளவாக உதவுவதில்லை. தமிழில் போகிறேன் என்று சொல்லிப் போவது அமங்கலம். வருகிறேன் என்றுதான் போக வேண்டும். 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு மறுபடி சந்திப்போம் என்றும் பொருள், யோசிப்போம் என்றும் பொருள், நடக்காது என்றும் பொருள். சொல்பவர் மூன்றாவதை எண்ணிச் சொல்ல, கேட்பவர் முதலாவதை எடுத்துக்கொள்கிறார். மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் விடைபெறும்போது நான் 'உங்க நேரத்துக்கு நன்றிங்க, பத்திரமா போங்க' என்றேன். கொஞ்சம் அந்நியமாகத்தான் ஒலித்தது. ஆனால் அதில் அடுத்த தடவை என்ற ஒன்று இல்லை.

மறுப்புச் சொற்களையும் ஒவ்வொன்றாக எடை போட வேண்டியிருந்தது. 'வேண்டாம்' என்பது இலையில் வைக்கவரும் பண்டத்துக்குச் சொல்வது. மனிதருக்குச் சொன்னால் கன்னத்தில் அடித்தது போலிருக்கும். 'பிடிக்கவில்லை' என்பது அவர்மேல் எழுதும் தீர்ப்பு. 'முடியாது' என்றால் ஏன் முடியாது என்ற கேள்வி தானாக எழும். 'இப்போதைக்கு' என்ற சொல் எந்த வாக்கியத்தில் நுழைந்தாலும் அதைத் தவணைச் சீட்டாக மாற்றிவிடும். 'ஒத்துவராது' என்பது நல்ல சொல், குறையை ஆள்மீது வைக்காமல் இருவருக்கும் இடையில் வைக்கிறது. ஆனால் 'ஒத்துவராதோ என்று தோன்றுகிறது' என்று எழுதினால், தோற்றத்தை மாற்ற இன்னொரு சந்திப்பு போதுமே என்று ஆகிவிடும். ஆகவே அதோடு 'முடிவு' என்ற சொல்லும் வேண்டும்.

எப்போது, எதன்மூலம் என்பதும் கேள்விதான். செய்தி வந்த அடுத்த நிமிடமே மறுத்தால் அது விரட்டுவது போலாகும். நான்கு நாள் வைத்திருந்தால் அவர் அந்த நான்கு நாளும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோவளம் என்று கேட்டிருக்கிறார், அந்த ஞாயிறு அவருக்கு மீதமாக வேண்டும். ஒரு நாளுக்குள் என்று வைத்துக்கொண்டேன். தொலைபேசியில் அழைத்துச் சொல்வதுதான் மரியாதை என்று சித்தி சொன்னார். பலமுறை சந்தித்துப் பழகியிருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரே ஒரு சந்திப்புக்குப் பிறகு அழைத்தால், அவர் வேலையிடத்தில் பலருக்கு நடுவில் நின்று, குரலைச் சமாளித்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எழுத்தென்றால் தனியாக வாசிக்கலாம். யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. அவர் கேட்டதும் எழுத்தில்தான்.

திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்திருக்கும் நேரத்தில், இதை அனுப்பினேன்:

'வணக்கம். நேற்று அவ்வளவு தூரம் வந்து நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அம்மா அன்பாகப் பேசினார்கள், அதற்கும் நன்றி சொல்லுங்கள். நான் நன்றாக யோசித்தேன். நாம் இருவரும் வாழ்க்கையில் ஒத்துவர மாட்டோம் என்பது என் முடிவு. அதனால் மறுபடி சந்திக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். இது யாரும் சொல்லி எடுத்த முடிவு அல்ல, மாறக்கூடியதும் அல்ல. நீங்கள் மற்ற வரன்களைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உடனே சொல்கிறேன்.'

இதில் இருப்பதைவிட நீக்கியவை அதிகம். 'உங்களுக்கு என்னைவிட நல்ல பெண் கிடைப்பாள்' என்ற வரியை எழுதி அழித்தேன். அது எனக்குத் தெரியாத விஷயம். மேலும் ஆறுதல் போலத் தோன்றினாலும் கேட்பவருக்கு எரிச்சலூட்டும் வரி அது. 'நண்பர்களாக இருக்கலாம்' என்பதையும் எழுதவில்லை. நட்புக்கு நான் தயாராக இல்லை, அப்படி எழுதினால் அது இன்னொரு பெயரில் வரும் கடிதம் போடுகிறோம்தான். மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. மன்னிப்புக் கேட்டால் மன்னிக்கும் பொறுப்பை அவரிடம் தள்ளுகிறோம். நன்றி சொல்லும்போது நடந்த விஷயத்துக்கு மட்டும் நன்றி சொன்னேன். 'உங்களோடு பேசியது இனிமையாக இருந்தது' என்று எழுதியிருந்தால், இனிமையாக இருந்தது என்றால் ஏன் மறுக்கிறாள் என்று அவர் இரவெல்லாம் யோசிப்பார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? சொன்னா திருத்திக்கிறேன்.'

இந்த விஷயத்தில் மிகக் கடினமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 'திருத்திக்கிறேன்' என்பதில் மறுபடி பரிகாரம் வந்துவிட்டது. 'ஒரு தப்பும் இல்லை' என்றால் அது பொய். கேள்விக்கணைகள், பூனை, காணொளி அழைப்பு என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் அது கருணையற்ற உண்மை. அதில் பலவும் அவருடைய தப்பும் அல்ல. பூனைச் சிற்பம் பிடிக்காதது ஒரு குற்றமா? சம்பளம் கேட்பது திருமணப் பேச்சில் நியாயமான கேள்விதான். கேட்ட விதத்தில் ஒரு பதற்றம் இருந்தது, அவ்வளவே. முப்பத்தாறு வயதில், எத்தனையோ வீடுகளிலிருந்து பதில் வராமல் போன ஒருவர், இந்தத் தடவை எதையும் கேட்காமல் விட்டுவிடக்கூடாது என்று பயந்திருக்கலாம்.

நான் எனக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கேட்டால் மட்டும் சொல்வது. இயல்பைப் பற்றிச் சொல்லாமல், செய்த செயல் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்வது. அது அடுத்தவரிடம் பழகும்போது அவருக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும். அதோடு, அதைத் திருத்தினாலும் என் முடிவு மாறாது என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுவது. இப்படி எழுதினேன்:

'நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். என்னைக் கேட்காமல் காணொளியில் அம்மாவிடம் காட்டியது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் என் முடிவுக்கு அது மட்டும் காரணம் அல்ல. அது நடக்காமல் இருந்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று மணி நேரமும் நான் இயல்பாக இல்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.'

வெகுநேரம் பதில் இல்லை. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இருந்தது. 'சரிங்க. அம்மாவுக்கு ரொம்ப ஆசை, அதான் காட்டிட்டேன். புரியுது.'

அந்த வரியை வாசித்ததும் எனக்கு மனம் தாங்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அம்மாளின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஒருமுறை கோவளம் போய்விட்டு வந்தால் என்ன, குறைந்துவிடுமா என்று ஒரு நினைப்பு எழுந்தது. இரக்கத்தொடு மறுத்தலைவிட இரக்கத்தொடு இசைதல் எவ்வளவு எளிது என்று அப்போது தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் இரண்டாம் சந்திப்பு என்பது இன்னொரு மாலைப்பொழுது மட்டும் அல்ல. முதல் சந்திப்பு பார்ப்பது. இரண்டாவது சந்திப்புக்குப் போனால் இரு வீட்டிலும் பூ வைக்க நாள் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த அம்மாள் உறவினர்களுக்குச் சொல்லிவிடுவார். அதன் பிறகு சொல்லும் மறுப்பு ஒருவரை மட்டும் தொடாது, ஒரு தெருவைத் தொடும். இரக்கப்பட்டுப் போகும் இரண்டாம் சந்திப்பு அந்த இரக்கத்தின் விலையை வட்டியோடு அவரிடமே வசூலிக்கும். ஆகவே அந்தச் செய்திக்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை. உரையாடலை அவருடைய சொல்லோடு முடியவிட்டேன். ஆறுதலாக ஒரு வரி எழுதியிருந்தால் அவர் அதற்குப் பதில் எழுதியிருப்பார், நான் அதற்கு எழுத வேண்டியிருக்கும்.

இந்த அக்கறை எல்லாருக்கும் கடன்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் சந்திப்பிலேயே பயமுறுத்தியவருக்கு, பின்தொடர்ந்தவருக்கு, விளக்கமெல்லாம் தேவையில்லை. ஒற்றை வரியில் விருப்பமில்லை என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிடலாம். ஆனால் அந்த ஒற்றை வரி மட்டும் எழுத்தில் இருப்பது நல்லது. பின்தொடர்தல் 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 78-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வதைத்தான் அது குற்றம் என்கிறது. தெளிவாக என்பதுதான் அங்கே முக்கியமான சொல். 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தால் அந்தத் தெளிவை எங்கே போய்த் தேடுவது?

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தாயார் என் அம்மாவை அழைத்தார். நான் பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா 'ஜாதகம்...' என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு, 'இல்லீங்க, ஜாதகத்துல ஒண்ணும் இல்லை. அவளுக்கு மனசு படலைங்க. நாங்க சொல்லிப் பார்க்கிற வயசு இல்லை அவளுக்கு. நீங்க வேற இடம் பாருங்க' என்றார். மறுமுனையில் சற்றுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த அம்மாள் ஏதோ சொன்னார். அம்மா 'ஆமாங்க, ஆமாங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழைப்பு முடிந்த பிறகு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

'வெள்ளிக்கிழமை அச்சிறுபாக்கத்துல ஒரு பொண்ணைப் பார்க்கக் கூப்பிட்டிருக்காங்களாம். உங்க பதிலுக்காகத்தான் தள்ளி வெச்சிருந்தோம், போயிட்டு வந்துடறோம்னாங்க' என்றார் அம்மா. அதோடு கைப்பேசியை என்னிடம் நீட்டி, அதிலிருந்த அவருடைய புகைப்படத்தை எப்படி நீக்குவது என்று கேட்டார்.